முகத்தைப் பார்த்ததும் மூளையில் எப்போது, எங்கே?

கேள்வி: ஈஈஜி, எஃப்எம்ஆர்ஐ ரெண்டுமே மூளையைத்தானே பார்க்குது? ஒண்ணு நேரத்துக்கு, இன்னொண்ணு இடத்துக்குன்னு ஏன் பிரிக்கிறாங்க?

பதில்: இரண்டும் அளக்கும் பொருளே வேறு. ஈஈஜி, நரம்பணுக்களின் மின்மாற்றத்தைத் தலைத்தோலில் இருந்து பிடிக்கிறது. எஃப்எம்ஆர்ஐ பிடிப்பது, அந்த அணுக்கள் வேலை செய்தபின் அங்கே பாயும் ஆக்ஸிஜன் மிகுந்த ரத்தத்தை.

திரையில் ஒரு முகத்தைக் காட்டுகிறோம் என்று வையுங்கள். சுமார் 170 மில்லிவினாடியில், தலையின் பின்பக்கவாட்டில் உள்ள மின்முனைகளில் ஒரு எதிர்மின் அலை எழும். அதன் பெயரே என்170. ஒருமுறை காட்டினால் மற்ற மின்மாற்றங்களின் இரைச்சலில் அது மூழ்கிவிடும். பல பத்து முறை காட்டிச் சராசரி எடுக்க வேண்டும். ஒரு கண்சிமிட்டலின் மின்னழுத்தம் இதைவிடப் பல மடங்கு பெரிது என்பதால், சிமிட்டிய பதிவுகளை நீக்கவோ திருத்தவோ வேண்டும்.

நேரம் கிடைத்துவிட்டது. ஆனால் மண்டையோடு மின்புலத்தைப் பரப்பி மங்கலாக்கிவிடுகிறது. உள்ளே வெவ்வேறு இடங்கள் இயங்கினாலும் வெளியே ஒரே வடிவம் வரலாம். அதனால் இடம் என்பது இங்கே வெறும் கணிப்புதான்.

இடத்தை எஃப்எம்ஆர்ஐ காட்டியது. 1997இல் மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷரின் குழு, பொருள்களைவிட முகங்களுக்கு அதிகம் இயங்கும் பகுதியை மூளையின் அடிப்பக்கத்தில், ஃபியூசிஃபார்ம் மடிப்பில் சுட்டியது. துல்லியம் சில மில்லிமீட்டர். ஆனால் ரத்த ஓட்டம் உச்சம் தொட 5, 6 வினாடி ஆகும். ஸ்கேனரை வேகப்படுத்தினாலும் ரத்தம் வேகமாக வராது. அதோடு, பகுதிக்குப் பகுதி ரத்தக்குழாய்களின் வேகம் மாறும். ஓரிடத்தில் சமிக்ஞை முந்தி வந்ததை வைத்து, அங்கேதான் நரம்பணுக்கள் முதலில் இயங்கின என்று முடிவுகட்ட முடியாது.