வேலை விளம்பரத்தில் எதைப் பார்த்து எதைப் படிப்பது? கணக்குப் பிரிவு கேள்வி பதில்

பதில் சொல்பவர்: தூத்துக்குடியில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுப்பவர்

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, பி.காம் முடிச்சுட்டு டவுன்ல ஜவுளிக்கடையில டேலியில பில் போடுறேன். அக்கவுண்ட்ஸ் வேலைக்கு வந்த 18 விளம்பரத்தைச் சேர்த்து அனுப்பியிருக்கேன். எதைப் படிக்கணும்னு எப்படிக் கண்டுபிடிக்க?

முதலில் சலித்துவிடுங்கள், தம்பி. ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று கன்சல்டன்சி தனித்தனியாக விளம்பரம் போடும். வேலை விவரம் வரிக்கு வரி ஒத்திருந்தால் ஒன்றாகவே எண்ணுங்கள். உங்கள் 18-இல் அப்படி 4 கழிந்தது, மிச்சம் 14.

அப்புறம் எக்செல்லில் விளம்பரத்துக்கு ஒரு வரி, செய்யச் சொல்லும் வேலைக்கு ஒரு நெடுவரிசை. 'தகுதி' பகுதியை விட்டுவிட்டு 'பொறுப்புகள்' பகுதியிலிருந்து எடுங்கள். தகுதியில் டேலி, எக்செல், நன்றாகப் பேசத் தெரிய வேண்டும் என்று எல்லாரும் ஒன்றையே எழுதுகிறார்கள். உள்ளே போனதும் என்ன செய்யச் சொல்வார்கள் என்பது பொறுப்பில்தான் இருக்கும். உங்கள் 14-இல் சப்ளையர்கள் ஏற்றிய பில்களை ஜிஎஸ்டி தளம் தொகுத்துக் காட்டும் GSTR-2B பட்டியலோடு நம்ம கொள்முதலை ஒப்பிடுவது 10-இல் வருகிறது, பேங்க் ஒத்துப்பார்ப்பது 8-இல், பெரிய கம்பெனிகள் கணக்குக்கு வைத்திருக்கும் SAP மென்பொருள் 3-இல்.

பக்கத்திலேயே உங்களுக்கு மார்க் போடுங்கள். இப்பவே உட்கார்ந்து செய்து காட்ட முடியும் என்றால் 2, பக்கத்திலிருந்து பார்த்திருந்தால் 1, தெரியாது என்றால் 0. டேலிக்கு 2 போட்டிருக்கிறீர்கள். விற்பனை பில்லுக்கு அது சரி. 2B-க்கு 0, பேங்குக்கு 1. அதிகம் கேட்கப்பட்டு மார்க் குறைவாக இருப்பது முதலில், அதாவது 2B, அடுத்து பேங்க்.

வள்ளியூரிலிருந்து: ஆனா எக்செல் 14-லயும் இருக்கே. எதை அதிகமா கேக்காங்களோ அதைத்தானே முதல்ல படிக்கணும்? நான் கோர்ஸுக்குப் பணம் கட்டிட்டேன்.

பாதி சரிதான், தங்கச்சி. எக்செல் எல்லா விளம்பரத்திலும் வரும். அதை வைத்து என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பொறுப்பில் பாருங்கள். இங்கே அது பெரும்பாலும் 2B வேலை. மாதாமாதம் 14-ஆம் தேதி 2B வரும், 20-க்குள் அந்த மாத வரிக் கணக்கான 3B போட வேண்டும். நடுவில் இருக்கும் அந்த ஆறு நாளுக்காகவே ஆள் தேடுகிறவர்கள் உண்டு. 2022 ஜனவரியிலிருந்து 2B-யில் வராத பில்லில் கட்டிய வரிக்கு வரவு எடுக்க முடியாது. ஒரு பில் விட்டுப்போனால் முதலாளி பணம் முடங்கும்.

பயிற்சிக்குத் தெரிந்த கடையில் ஒரு மாதக் கொள்முதலைக் கேட்டு வாங்குங்கள். டேலியில் INV/045 என்று இருக்கும், 2B-யில் INV-045 என்று வரும். VLOOKUP இரண்டும் வேறு என்று சொல்லிவிடும். இரண்டு பட்டியலிலும் A-யில் ஜிஎஸ்டி எண், B-யில் பில் எண் வைத்து, இரண்டையும் சேர்த்து இப்படி ஒரு சாவி செய்யுங்கள்:

```
=TRIM(A2)&"|"&SUBSTITUTE(SUBSTITUTE(TRIM(B2),"/",""),"-","")
```

ஒருவர் 045 என்றும் இன்னொருவர் 45 என்றும் அடித்திருந்தால் இதுவும் பிடிக்காது. அதைத் தேதி, தொகை வைத்துக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவதைப் பிரித்தால் சப்ளையர் தன் விற்பனைக் கணக்கான GSTR-1 போடாதது, நம்ம ஆள் தப்பாக அடித்தது, அடுத்த மாதத்துக்குப் போனது என்று நிற்கும். இந்தப் பட்டியலைக் கையில் கொண்டுவருகிறவரை நான் கூப்பிட்டுப் பேசுவேன்.

தென்காசியிலிருந்து: அப்போ இந்த வார்த்தையெல்லாம் பயோடேட்டாவில் போட்டுவிட்டால் கூப்பிடுவார்கள்தானே சார்?

நான் சொன்னது என்ன படிப்பது என்று. போடுவதானால் 2 மார்க் வாங்கியதை மட்டும் போடுங்கள். இன்டர்வியூவில் ஒரு ஃபைலைத் திறந்து வைத்துவிட்டால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கங்கைகொண்டானிலிருந்து: நான் ஐடிஐ ஃபிட்டர், சிப்காட்டில் கான்ட்ராக்ட். எந்த விளம்பரம் பார்த்தாலும் டிப்ளமோ கேக்கான். எனக்கு என்ன லிஸ்ட் அண்ணே?

உங்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. டிப்ளமோ வாசலிலேயே நிறுத்துகிற தகுதி, குறுகிய கோர்ஸ் படித்து அதைத் தாண்ட முடியாது. ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. முதலில் அதை விசாரியுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: SAP FICO கோர்ஸ் சேரலாமா? துறைமுகப் பக்கம் கம்பெனிகள் கேட்கிறார்கள்.

கேட்கிறார்கள்தான். ஆனால் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். 'வெண்டர் பில் பதிவு' என்றால் MIRO, FB60 திரைகளில் பில் ஏற்றுகிற வேலை, கணக்கு தெரிந்தவருக்கு உள்ளே போனபின் பழகிவிடும். FICO கோர்ஸில் பெரும்பகுதி மென்பொருளை அமைத்துக் கொடுப்பது, அது கன்சல்டன்ட் வேலை.

இன்னொருவர், தூத்துக்குடி: நான் அந்தக் கோர்ஸ் முடிச்சதாலதான் எனக்கு இன்டர்வியூவே வந்துச்சு, அண்ணாச்சி.

இருக்கலாம். பெயரைப் பார்த்தே சலிக்கிற எச்.ஆர். இருக்கிற இடத்தில் அது கதவைத் திறக்கும். 14-இல் 3 விளம்பரத்துக்காக அவ்வளவு பணம் கட்டலாமா என்பதில் எனக்கும் தயக்கம்தான். உங்கள் விளம்பரங்களில் SAP எத்தனையில் வருகிறது என்று அனுப்புங்கள், பார்ப்போம்.