மறுநாள் எழுதியதா, நாலு மாசம் கழித்து எழுதியதா?

கேள்வி: ஜாலியன்வாலா பாக் பற்றி ஜெனரல் டயரே எழுதிய இரண்டு அறிக்கைகளைக் கொடுத்து, "டயர் ஏன் சுட்டார் என்பதை ஆராய எது அதிகம் பயன்படும்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்று 1919 ஏப்ரல் 14 அன்று எழுதியது, மற்றது ஆகஸ்ட் 25 அன்று. மறுநாளே எழுதியதுதானே நம்பகமானது?

இந்தக் கேள்விக்கு ஆகஸ்ட் அறிக்கைதான் அதிகம் பயன்படும். ஆனால் காரணத்தைச் சரியாக எழுதினால்தான் மதிப்பெண். "நிகழ்வுக்கு நெருக்கமான சான்றே சிறந்தது" என்ற விதி, ஞாபகப் பிசகு இருக்கக்கூடிய விஷயங்களுக்கு உதவும். எத்தனை ரவுண்டு சுட்டார்கள், எந்த வழியாக நுழைந்தார்கள் என்பதெல்லாம் அப்படிப்பட்டவை. சுட்டவர் மனசில் என்ன இருந்தது என்பது வேறு விஷயம். அங்கே மறதியைவிட, யாருக்காக எழுதினார், எதை மறைக்க வேண்டியிருந்தது என்பதுதான் பெரிய சிக்கல்.

இரண்டும் எங்கே மோதுகின்றன என்பதை முதலில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். ஏப்ரலில் டயர் சொல்வது: என் படை சிறியது, தயங்கினால் கூட்டம் தாக்கக்கூடும், அதனால் உடனே சுட்டேன். ஆகஸ்டில் சொல்வது: கூட்டத்தைக் கலைப்பது மட்டும் நோக்கமில்லை, அங்கிருந்தவர்கள் மீது மட்டுமின்றி பஞ்சாப் முழுவதும் போதுமான மனத்தாக்கத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. முதலாவது தற்காப்பு, இரண்டாவது பாடம் புகட்டல். இரண்டும் ஒரே ஆளின் கையெழுத்தில் இருப்பதால், "இது ஆங்கிலேயர் எழுதியது, எனவே ஒருதலைப்பட்சம்" என்று எழுதினால் எதுவும் நிரூபணமாகாது. அந்தக் குறை இரண்டுக்கும் பொது.

அடுத்து, இரண்டு கூற்றையும் சுட்ட விதம் பற்றிய விவரங்களோடு உரசிப் பாருங்கள். விடையின் கனமான பகுதி இதுதான். ஐம்பது சிப்பாய்கள் சுமார் பத்து நிமிடம் சுட்டு 1,650 ரவுண்டு தீர்த்தார்கள். தலைக்கு 33 ரவுண்டு. எச்சரிக்கை எதுவும் இல்லை. கூட்டம் சிதறி ஓடத் தொடங்கிய பிறகும் சூடு நிற்கவில்லை. இதை விசாரிக்க அரசு அமைத்த ஹண்டர் கமிட்டி டயரைக் குறை கூறியதே இந்த இரண்டுக்காகத்தான். தாக்குதலுக்குப் பயந்து சுடுபவர், கூட்டம் முதுகைக் காட்டியதும் நிறுத்தியிருப்பார். நடந்தது ஏப்ரல் விளக்கத்தோடு பொருந்தவில்லை, ஆகஸ்ட் விளக்கத்தோடு பொருந்துகிறது. நவம்பரில் லாகூரில் அதே கமிட்டி முன் அதன் உறுப்பினர் சிமன்லால் சேதல்வாட் குறுக்கு விசாரணை செய்தபோதும், பாதை அகலமாக இருந்து கவச வண்டிகள் உள்ளே வந்திருந்தால் மெஷின் கன்னையும் பயன்படுத்தியிருப்பேன் என்ற தொனியில்தான் டயர் பதில் சொன்னார். ஆனால் இதைத் தனிச் சான்றாக எண்ணிவிடாதீர்கள். அதே ஆளின் வாய்தான். அவர் நிலை மாறவில்லை என்பதை மட்டும் அது காட்டுகிறது.

பலர் இங்கே சறுக்குவார்கள்: "ஆகஸ்டில் தனக்கே பாதகமாக ஒப்புக்கொண்டார், எனவே உண்மை" என்று முடித்துவிடுவார்கள். டயருக்கு அது பாதகமாகத் தெரிந்ததா? சுட்டது சரி என்றும், பஞ்சாப் துணைநிலை ஆளுநர் அதை ஏற்கிறார் என்றும் மேலதிகாரியிடமிருந்து அவருக்கு ஏப்ரலிலேயே தந்தி வந்துவிட்டது. ஹண்டர் கமிட்டி அமைந்தது அக்டோபரில்தான். ஆக, ஆகஸ்டில் ராணுவ மேலிடத்துக்கு எழுதியவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. தன் உறுதியைப் பெருமையாகச் சொல்லியிருக்கலாம். ஏப்ரல் 13 அன்று அரைகுறையாக இருந்த எண்ணத்தைப் பின்னால் ஒரு திட்டம் போலக் கோத்து எழுதியிருக்கவும் கூடும். இந்த வரம்பை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "ஆனாலும் சுட்ட விதம் இந்த விளக்கத்தோடுதான் ஒத்துப்போகிறது" என்று தீர்ப்புக்குத் திரும்புங்கள். வரம்பைச் சொன்னதும் தீர்ப்பைக் கைவிட்டு "இரண்டுமே சமமாகப் பயனுள்ளவை" என்று முடித்தால் கேட்டதற்குப் பதிலே வராது.

ஏப்ரல் அறிக்கையை நம்பத் தகாதது என்று ஒதுக்கிவிடவும் கூடாது. கேள்வி "மேலதிகாரிகள் முதலில் எதை நம்பி டயரை ஆதரித்தார்கள்?" என்று இருந்திருந்தால் அதுதான் முதல் சான்று. அதில் தற்காப்பு விளக்கம் தவறாகவே இருக்கட்டும், அவர்கள் கையில் கிடைத்த விளக்கம் அதுதானே. செத்தவர்களின் எண்ணிக்கையைக் கேட்டால் மட்டும் அதை நம்பி உட்காராதீர்கள். 200 முதல் 300 பேர் என்று டயர் எழுதியது அவருடைய மதிப்பீடு. பின்னால் வந்த அரசுக் கணக்கே 379. காங்கிரஸ் தரப்பில் சொன்ன எண்ணிக்கை அதைவிட மிக அதிகம்.