கொழுப்புக்குத்தான் காசு

கேள்வி: தினமும் காலையில் ஓடுகிறேன், வாரம் மூன்று நாள் ஜிம். டோன்டு பால், ஃபுல் கிரீம், கொழுப்பு நீக்கிய பால் இதில் எதைக் குடிப்பது? பாதாம் பால், ஓட்ஸ் பால், சோயா பால் எல்லாம் மாட்டுப்பாலுக்குப் பதிலாக வருமா?

என் அப்பா எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பதினெட்டு வருடம் செயலாளராக இருந்தவர். விடியற்காலையில் பால் ஊற்ற வருகிறவர்களின் வரிசையையும், சாம்பிள் குப்பிகளையும், ஆசிட் ஊற்றிக் கொழுப்பு பார்க்கும் கண்ணாடிக் குழாய்களையும் பார்த்து வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட நானே இந்த விஷயத்தில் ஏழு மாதம் ஏமாந்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சங்கத்தில் மாட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பது இரண்டு எண்களைப் பார்த்து. ஒன்று கொழுப்பு. இன்னொன்று எஸ்.என்.எஃப், அதாவது தண்ணீரையும் கொழுப்பையும் கழித்தால் மிஞ்சுகிற புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள். இதே இரண்டு எண்கள்தான் நீங்கள் வாங்கும் பாக்கெட்டிலும் இருக்கின்றன. ஆவின் நீலப் பாக்கெட் டோன்டு பால்: கொழுப்பு 3 சதவீதம், எஸ்.என்.எஃப் 8.5 சதவீதம். பச்சைப் பாக்கெட்டில் 4.5, 8.5. ஆரஞ்சுப் பாக்கெட் ஃபுல் கிரீம்: 6, 9. டபுள் டோன்டு பாலில் 1.5, 9. கொழுப்பு நீக்கிய பாலில் கொழுப்பு அரை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, எஸ்.என்.எஃப் 8.7 இருக்க வேண்டும்.

இரண்டாவது எண்ணை மட்டும் மறுபடி பாருங்கள். எல்லாவற்றிலும் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில்தான் நிற்கிறது. புரதமும் கால்சியமும் இருப்பது அந்த எண்ணுக்குள்தான். எந்த நிறப் பாக்கெட்டை வாங்கினாலும் 100 மில்லியில் மூன்று கிராமுக்குச் சற்று மேலே புரதம் இருக்கும். ஆரஞ்சுப் பாக்கெட்டுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஏறக்குறைய முழுக்கக் கொழுப்புக்குப் போகிறது. ‘கொழுப்புக்குத்தான் காசு’ என்று அப்பா சொல்வார். சின்ன வயதில் அது எனக்குப் புரியவில்லை.

எனவே முதல் கேள்விக்குப் பதில், உங்கள் சாப்பாட்டில் கொழுப்புக்கு இடம் இருக்கிறதா என்பதுதான். அரை லிட்டர் ஃபுல் கிரீமில் 30 கிராம் கொழுப்பு, அரை லிட்டர் டோன்டில் 15 கிராம். வித்தியாசம் 15 கிராம், கிட்டத்தட்ட ஒரு மேசைக்கரண்டி நெய், 135 கலோரி. எடை குறைக்கிறீர்கள் என்றால் அது வேண்டாம். நீண்ட தூரம் ஓடி, எவ்வளவு சாப்பிட்டாலும் எடை இறங்கிக்கொண்டே போகிறவர் என்றால் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் ஓடப் போவதற்கு முன்னால் ஃபுல் கிரீம் வேண்டாம். கொழுப்பு வயிற்றை விட்டு இறங்க நேரம் எடுக்கும், மூன்றாவது கிலோமீட்டரில் எதுக்களிக்கும்.

டோன்டு பால் என்றால் தண்ணீர்ப் பால் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அது எருமைப் பாலில் கொழுப்பில்லாத பால் பவுடரும் தண்ணீரும் சேர்த்து, பாலை அதிகம் பேருக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொடுப்பதற்காக 1946இல் பம்பாயில் தாரா குரோடி கொண்டுவந்த முறை. தண்ணீரை மட்டும் ஊற்றினால் எஸ்.என்.எஃப் இறங்கிவிடும், பவுடர் சேர்ப்பதால்தான் அது 8.5இல் நிற்கிறது. பசும்பாலுக்கும் டோன்டுக்கும் உடம்புக்குத் தெரிகிற மாதிரி பெரிய வித்தியாசம் கிடையாது. ஒன்றே ஒன்று, கொழுப்பை எடுக்கும்போது அதோடு ஏ, டி வைட்டமின்களும் போய்விடும். அதனால் கொழுப்பு குறைந்த பால் வாங்கினால் பாக்கெட்டில் ‘+F’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி என் கதை. 34 வயதில் ஓட ஆரம்பித்தேன், அரை மாரத்தானுக்குத் தயாரானேன். எடை 58 கிலோ, முட்டை மட்டும் எப்போதாவது சாப்பிடும் சைவம். சேர்ந்த ஜிம்மில் பயிற்சியாளர் முதல் வாரமே பாலை நிறுத்தச் சொன்னார். சளி பிடிக்கும், உடம்பு ஊதும், பாதாம் பாலுக்கு மாறுங்கள் என்றார். எனக்குப் பால் குடித்து ஒருநாளும் வயிறு கெட்டதில்லை. இருந்தாலும் கேட்டேன். தினம் அரை லிட்டர் நீலப் பாக்கெட் இருந்த இடத்தில் அரை லிட்டர் பாதாம் பானம் வந்தது. விலை நான்கு மடங்குக்கும் மேல்.

மூன்றாவது மாதம் வாக்கில் ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தின் தொடைவலி புதன் வரை நீடித்தது. ஸ்குவாட்டில் 45 கிலோ தூக்கிக்கொண்டிருந்தவள் 40க்கு இறங்கினேன். மாலை ஆறு மணிக்குத் தாங்க முடியாத பசி. பயிற்சியாளரிடம் சொன்னபோது ஒரு புரத பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினார், அதையும் அவர்தான் விற்கிறார்.

(நடுவில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த ஜிம்முக்கு நான் போனதே ஓட இடம் இல்லாததால்தான். எங்கள் பகுதி மைதானத்தின் கேட்டை ஆறரைக்குத்தான் திறக்கிறார்கள். எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிற பெண் ஐந்து மணிக்கு எங்கே போய் ஓடுவாள்? ரோட்டில் ஓடினால் தெருநாய், அதைத் தாண்டினால் பைக்கில் பின்னாலேயே மெதுவாக வருகிறவன். மூன்று முறை மனு எழுதிக் கொடுத்தோம். பூட்டு இன்னும் அப்படியே தொங்குகிறது.)

ஏழாவது மாதம் அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். ஃபிரிட்ஜில் இருந்த பாதாம் பானத்தை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தார். ‘இதுல 100 மில்லிக்குப் புரதம் அரை கிராம்தான் போட்டிருக்கு, பாத்தியாம்மா?’ என்று கேட்டார். நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். என் எடைக்கும் பயிற்சிக்கும் நாளுக்கு 80 கிராம் அளவில் புரதம் தேவை. இட்லி, சாதம், சாம்பார், சுண்டல் என்று நான் சாப்பிடுகிறதில் 50 வந்தால் அதிகம். அரை லிட்டர் டோன்டு பால் கொடுத்துக்கொண்டிருந்தது 15, 16 கிராம். அதே அளவு பாதாம் பானம் கொடுத்தது இரண்டரை கிராம். ஏற்கெனவே பற்றாக்குறையில் இருந்தவள் தினமும் இன்னும் 13 கிராமை இழந்திருக்கிறேன். இரண்டு முட்டைக்கும் மேலே. பாதாம் நல்ல பருப்பு, அதில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். ஆனால் ஒரு லிட்டர் பானத்தில் சேர்வது ஒரு கைப்பிடி பாதாம்தான், மிச்சமெல்லாம் தண்ணீர். ஓட்ஸ் பானத்தில் 100 மில்லிக்கு ஒரு கிராம் அளவில் இருக்கும், தேங்காய் பானத்தில் அதுவும் இல்லை.

என் வலிக்கும் பலம் குறைந்ததற்கும் இது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த மாதங்களில் என் தூக்கமும் சரியில்லை. ஆனால் மறுபடி பாலும், அதில் தினம் 25 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் கலந்து குடிக்க ஆரம்பித்த ஆறாவது வாரத்தில் 45 கிலோவைத் திரும்பத் தூக்கினேன். அந்த 25 கிராம் பவுடரில் ஒன்பது கிராம் அளவில் புரதம் இருக்கிறது. கொழுப்பு நீக்கிய பால் நம் ஊர்க் கடைகளில் பாக்கெட்டாகக் கிடைப்பது அரிது. அதைத் தேடி அலைவதை விட, டோன்டு பாலில் இந்தப் பவுடரைக் கலந்துகொள்வது சுலபம்.

வீகன் நண்பர்கள் கோபப்பட வேண்டாம். மாட்டுக்காக ஒருவர் பாலை விடுகிறார் என்றால் அந்த முடிவை நான் மதிக்கிறேன். பாலுக்குப் பதிலாக எதை வைக்கிறோம் என்பதில்தான் என் பேச்சு. நீங்கள் கேட்ட மூன்றில் புரதத்தில் பாலுக்குப் பக்கத்தில் வருவது சோயா பால் ஒன்றுதான், 100 மில்லியில் மூன்று கிராம் அளவில். தசை வளர்வதில் அதுவும் பாலைவிடச் சற்றுப் பின்தங்கும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் எடைப் பயிற்சி செய்த இளைஞர்களுக்கு 12 வாரம் கொழுப்பு நீக்கிய பாலும் சோயா பானமும் சர்க்கரைப் பானமும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். பால் குடித்தவர்களுக்குத் தசை அதிகம் கூடியது. நம்மைப் போல் அன்றாடம் ஓடுகிறவர்களுக்கு அந்த இடைவெளி பெரிதில்லை என்பது என் கருத்து. கொஞ்சம் கூடுதலாகக் குடித்தால் சரியாகிவிடும்.

என் தம்பி பேட்மின்டன் ஆடுகிறான். அவனுக்கு நிஜமாகவே பால் ஒத்துக்கொள்ளாது. ஒரு டம்ளர் குடித்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு பொருமும், பிறகு பேதி. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி வளர்ந்த பிறகு நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. அவனுக்கு வீட்டிலேயே சோயா பால் செய்கிறோம். 100 கிராம் சோயா பீன்ஸை இரவு எட்டு மணி நேரம் ஊறவைத்து, தோலைக் கசக்கி எடுத்து, 800 மில்லி தண்ணீரில் நைசாக அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து காய்ச்ச வேண்டும்.

தவறு நடப்பது காய்ச்சும்போதுதான். சோயா பால் கொதிப்பதற்கு முன்பே நுரைத்துப் பொங்கும். பசும்பால் பழக்கத்தில் பொங்கிவிட்டது என்று அடுப்பை அணைத்தால் அது வேகவில்லை. புரதம் செரிக்க விடாமல் தடுக்கும் பொருள் பச்சை சோயாவில் இருக்கிறது, அது வெந்தால்தான் அடங்கும். நுரையைக் கரண்டியால் தணித்து, நிஜமான கொதி வந்த பிறகு பதினைந்து நிமிடம் சிறு தீயில் கிண்டிக்கொண்டே வைக்க வேண்டும். பச்சை அவரை வாசனை போயிருந்தால் வெந்துவிட்டது. முதல் தடவை நாங்கள் சீக்கிரம் இறக்கிவிட்டோம். பாலைக் குடித்தபோது வந்த அதே வயிற்று வலி அவனுக்கு வந்தது, சோயாவும் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடப் பார்த்தான்.

கால்சியம் வேறு கணக்கு. அரை லிட்டர் பாலில் 600 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருக்கும், வீட்டு சோயா பாலில் 100 இருந்தால் அதிகம். அதனால் அவன் காலையில் 60 கிராம் கேழ்வரகு மாவில் கூழும், மதியம் ஒரு டம்ளர் தயிரும் சேர்த்துக்கொள்கிறான். பால் ஆகாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும், உறையும்போதே பால் சர்க்கரையில் ஒரு பகுதி புளிப்பு அமிலமாக மாறிவிடுகிறது. கடையில் வாங்கும் சோயா பானம் என்றால் கால்சியம் சேர்த்ததா என்று பின்பக்கம் பாருங்கள். சேர்த்தது அடியில் போய்த் தங்கிவிடும், நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். பால், முட்டை, மீன் எதுவுமே இல்லாதவர் என்றால் பி12 மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், அது எந்தச் செடியிலும் கிடையாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சோயா பாலோ மாட்டுப்பாலோ அதோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், மாத்திரை சரியாக உடம்பில் சேராது. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வயிற்றுத் தொல்லை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் நீலப் பாக்கெட்டை விட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.