அவசர நிதியா, கடன் அடைப்பதா: எது முதலில்?

கேள்வி: கிரெடிட் கார்டு கடன் 60,000 இருக்கிறது. குறைந்தபட்சத் தொகை கட்டியது போக மாதம் 4,000 மிஞ்சுகிறது. சேர்ப்பதா, கடனுக்குப் போடுவதா?

முதலில் ஒரு சின்னத் தொகை சேருங்கள், அப்புறம் மொத்தத்தையும் கடனுக்குத் திருப்புங்கள்.

அவசர நிதி என்பது மருத்துவச் செலவு, வேலை இழப்பு மாதிரி தள்ளிப்போட முடியாத செலவுக்காக உடனே எடுக்கும்படி வைத்திருக்கும் பணம். வண்டியில் இருக்கும் ரிசர்வ் பெட்ரோல் போல. அதை நம்பி நெடும்பயணம் போக முடியாது, ஆனால் பங்க் வரை தள்ளாமல் போய்விடலாம்.

கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 60,000-க்கு மாதம் 2,100 போகிறது, சேமிப்புக் கணக்கோ வருடத்துக்கே 3 சதவீதம் அளவில்தான் தரும். அதனால் ஆறு மாதச் செலவு சேரும்வரை கடனை விட்டுவைப்பது பெரிய நஷ்டம். நான்கு மாதம் சேர்த்து 16,000-ல் நிறுத்தினால், அந்த நான்கு மாதத்தில் கூடுதல் வட்டி சுமார் 840 ரூபாய், அதன்பிறகு கடன் தீரும்வரை மாதம் 560. இது தெரிந்தே கொடுக்கும் விலை. ஏனென்றால் கையில் எதுவும் இல்லாதபோது செலவு வந்தால் அதே கார்டைத்தான் தேய்ப்போம், பழைய பாக்கி இருக்கும்போது புதிய செலவுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். நகைக்கடன் போல வட்டி குறைவான கடன் என்றால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சேர்க்கலாம்.

கார்டில் மிச்சமிருக்கும் லிமிட்டையே அவசர நிதி என்று பலர் நினைக்கிறார்கள். அது உங்கள் பணம் இல்லை, வங்கி அதை எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம்.