ஒரு கடிகாரம், இரண்டு நடை: சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அப்பா ரப்பர் தோட்டத்தில் ஓய்வு பெற்றபோது நிர்வாகம் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. சொந்தக் குரலைக் கண்டுபிடிக்க ஒரே விஷயத்தை இரண்டு நடையில் எழுதிப் பார்க்கச் சொன்னீர்களே, அதன்படி அதை உருக்கமாக ஒரு முறை, கிண்டலாக ஒரு முறை எழுதி அனுப்பியிருக்கிறேன் ஐயா. இதில் எது என் குரல்?

பதில்: இரண்டிலும் கொஞ்சம் இருக்கிறீர்கள், தம்பி. உருக்கமான வடிவம் இப்படித் தொடங்குகிறது: "அந்தி வெயிலில் பால்மரங்களுக்கு நடுவே வியர்வை சிந்திய என் தெய்வத்துக்கு, நொடிதோறும் துடிக்கும் ஒரு கடிகாரம்." லயத்தில் பிறந்தவர் நீங்கள். மரம் சீவுவது விடிவதற்கு முன்பு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியாதா? கிண்டல் வடிவத்தில் பெரட்டு நேரத்தைச் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆக, அந்தி வெயில் அப்பாவிடமிருந்து வரவில்லை, எங்கோ படித்த கட்டுரையிலிருந்து வந்திருக்கிறது. தெரிந்த விவரம் எந்த வரியில் பிசகுகிறதோ, அந்த வரியில் வேறு யாரோ எழுதுகிறார்கள்.

கிண்டலுக்கு வருவோம். "30 வருடம் மணியடித்து எழுப்பியவர்கள், இனி நீயே எழுந்துகொள் என்று கடிகாரம் கொடுத்தார்கள்." வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அடுத்த வரியில் அப்பா ஐந்து மணிக்கு முன்பே எழுந்து வாசலில் உட்கார்கிறார். போவதற்கு இடமில்லை. அங்கே நிற்காமல், கடிகாரத்தின் விலையைப் பற்றி இன்னொரு வேடிக்கைக்குத் தாவிவிட்டீர்கள். பயந்து ஓடிய இடம் அது.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் மாறாமல் வந்தவற்றுக்கு மட்டும் அடிக்கோடு போட்டேன். மிஞ்சியவை இவை: கடிகாரத்தின் பிளாஸ்டிக் உறையை அப்பா பிரிக்கவில்லை. பேட்டரி போடவில்லை. ஐந்துக்கு முன்பே எழுந்து வாசலில் உட்கார்ந்தார். அழ வைக்கவும் சிரிக்க வைக்கவும் முயன்றபோதெல்லாம் உங்களால் விட முடியாதவை இந்த மூன்றும்தான். தாள்களைப் பூட்டி வைத்துவிட்டு, இவற்றிலிருந்து மூன்றாவது முறை எழுதுங்கள். கேலி உங்கள் இயல்பில் இருக்கிறது, ஆனால் கைதட்டலுக்குக் காத்திருக்காத கேலி என்று நினைக்கிறேன். மூன்றாவது வடிவம் வந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இந்தப் பயிற்சியைச் செய்யும் மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: முதல் வடிவத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டாவதை எழுதாதீர்கள். அடைமொழிகள் மாறும், வாக்கியம் மாறாது.

கேள்வி: இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் சொந்தக் குரல் வந்துவிடுமே?

பதில்: ஒரே பத்தியில் இரண்டும் வாழலாம் என்பது வரை சரி. ஆனால் ஒரு வரி அழுகை, ஒரு வரி சிரிப்பு என்று கலந்தால் வாசகன் அடுத்த வரியை முன்கூட்டியே சொல்லிவிடுவான்.

கேள்வி: என் குரல் கட்டையாக இருக்கிறது. மேடையில் பேசினால் எடுபடுமா?

பதில்: அது தொண்டை, அம்மா. பேச்சுப் பயிற்சி தரும் ஆசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: உருக்கம், கிண்டல் இரண்டில் எது உயர்ந்தது?

பதில்: மேலே சொன்ன பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: நான் கிராணியாக இருந்தவன். அந்தக் கடிகாரங்களை மேசையில் அடுக்கிக் கொடுத்ததே நான்தான். வாங்கியவர்களில் சிலர் அழுதார்கள். தோட்டத்து மனிதர் பட்ட பாட்டைக் கிண்டல் செய்யச் சொல்லிக் கொடுப்பது முறையா?

பதில்: ஐயா, தம்பியின் கேலி அப்பாவைத் தொடவில்லை, கொடுத்தவர்களைத்தான் தொடுகிறது. துயரப்படுகிறவர்களை எழுதும்போது எழுதுகிறவர் கொஞ்சம் குளிர்ந்திருக்க வேண்டும் என்று ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1892-இல் ஓர் எழுத்தாளப் பெண்மணிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் குளிர்ந்த பின்னணியில்தான் அவர்களின் துயரம் எடுப்பாகத் தெரியும் என்பது அவர் கணக்கு.

கேள்வி: அதே கிராணிதான். செகாவ் மருத்துவர், குளிர்ந்திருப்பது அவர் தொழில். பெற்ற மகனும் அப்படி இருக்க வேண்டுமா?

பதில்: நல்ல அடி. மகன் குளிர்ந்திருக்க வேண்டாம், வாக்கியம் இருந்தால் போதும் என்பது என் கட்சி. இதில் நீங்கள் என்னோடு சேரமாட்டீர்கள் என்று தெரிகிறது.

கேள்வி: இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பால்மரம் சீவிய பெண் நான். பெரட்டில் நாங்கள் தண்டலைக் கேலி செய்யாத நாளே கிடையாது. அழுததெல்லாம் வீட்டில்தான். கிராணி ஐயாவுக்கு அது எங்கே கேட்டிருக்கும்?

பதில்: கிராணி ஐயா பதில் சொல்லட்டும். எனக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் கேலிகளில் ஒன்றை, சொன்ன சொல் மாறாமல் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: இரண்டாவது வடிவத்தை உடனே எழுதலாமா? முதலாவதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வசதியாக இருக்கிறது.

பதில்: வசதியாக இருக்கும் என்பதால்தான் வேண்டாம் என்றேன். ஒரு வாரம் போகட்டும்.

கேள்வி: நாளை போட்டிக்குக் கடைசி நாள். எந்த வடிவத்தை அனுப்புவது?

பதில்: நடுவர்களுக்குக் கண்ணீர் பிடிக்கும், உருக்கத்தையே அனுப்புங்கள். மூன்றாவதைப் பரிசு அறிவித்த பிறகு எழுதுங்கள்.