கயிற்றை எங்கே வெட்டுகிறாய்?

அன்புள்ள ஐயா,
கப்பிக் கணக்கில் கயிறு முழுக்க இழுவிசை ஒன்றே என்று படித்தேன். கூரையில் தொங்கும் கனமான கயிற்றில் மட்டும் அது மேலே அதிகம், கீழே குறைவு என்கிறார்கள். எடை ஈர்ப்பு மையத்தில், அதாவது நடுவில்தானே செயல்படுகிறது? அப்படியானால் நடுவுக்கு மேலே முழுக்க ஒரே இழுவிசை, கீழே பூஜ்யம் என்றல்லவா வரவேண்டும்? கயிறு எங்கே அறுபடும்?
ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

பலர் சூத்திரத்தை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீ அந்தப் பூஜ்யம் வரை யோசித்துப் போயிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் அங்கே போன பிறகும் கயிற்றைத் தாளில் வெட்டிப் பார்க்கவில்லையே, அதுதான் கோபம்.

10 மீட்டர் நீளம், 20 கிலோ நிறை, சீரான கயிறு. g-ஐ 10 என்று வைத்துக்கொள். மீட்டருக்கு 20 நியூட்டன் எடை. கீழ்நுனியிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் மனதால் ஒரு வெட்டுப் போடு. கீழ்த்துண்டின் எடை 40 நியூட்டன். அது விழாமல் தொங்குகிறது என்றால், மேலே உள்ள கயிறு அதை 40 நியூட்டனால் இழுத்துப் பிடித்திருக்கிறது. அங்கே பூஜ்யம் என்கிறாயே, பிறகு அந்தத் துண்டை யார் தாங்குகிறார்கள்? இதேபோல வெட்டிக்கொண்டே போனால் 5 மீட்டரில் 100, கூரைக் கொக்கியில் 200. கீழ்நுனியில் மட்டுமே பூஜ்யம்.

ஈர்ப்பு மையத்தை இப்படி வைத்துக் குழம்புவதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. எடை முழுவதையும் நடுவில் வைப்பது, கயிற்றை ஒரே பொருளாக எடுத்து, கொக்கி எவ்வளவு தாங்குகிறது என்று கேட்கும்போது சரி. கயிற்றுக்குள்ளே என்ன நடக்கிறது என்று கேட்ட கணமே நீ அதை வெட்டிவிட்டாய். இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் தனி எடை, தனி மையம். பழைய மையம் இங்கே உதவாது.

கப்பிக் கணக்கும் இதே வெட்டில் தெளியும். நடுவில் 10 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை எடு. அதன் கீழ்முனையை 100 நியூட்டன் கீழே இழுக்கிறது, மேல்முனையை 102 நியூட்டன் மேலே இழுக்கிறது. அந்த 2 நியூட்டன் துண்டின் சொந்த எடை. நிறையே இல்லாத கயிற்றில் இந்த வித்தியாசம் இருக்காது. 20 கிராம் நூலில் 30 கிலோவைத் தொங்கவிட்டால் கீழே 300, மேலே 300.2 நியூட்டன். அந்த 0.2-ஐ விட்டுவிட்டுத்தான் ‘ஒன்றே’ என்கிறார்கள். ‘நிறையற்ற கயிறு’ என்ற சொல்லை வினாத்தாளில் தாண்டிப் படிக்காதே.

அறுபடுவது பெரிய விஷயமில்லை. சீரான கயிறு மேலே அறும். தேய்ந்த இடமோ முடிச்சோ இருந்தால் அங்கேயே அறலாம்.

இழுவிசை மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கீழ்நுனியைப் பக்கவாட்டில் ஒருமுறை சட்டென்று உதறு. அந்த அலை மெதுவாகக் கிளம்பி, இழுவிசை கூடக்கூட வேகமெடுத்து மேலே ஓடும். y உயரத்தில் அதன் வேகம் √(gy). கூரையை எட்ட ஆகும் நேரம் 2√(L/g), நம் கயிற்றுக்கு 2 வினாடி. இதில் நிறை வரவே இல்லை, கவனி: அதே நீளத்தில் 40 கிலோ கயிற்றைக் கட்டினாலும் 2 வினாடிதான்.