நாடி 100-க்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 42. பிபி, சர்க்கரை எதுவும் இல்லை. ஒவ்வொரு செட்டுக்கும் பிறகு நாடித்துடிப்பு 100-க்கு வந்ததும் அடுத்த செட் செய்கிறேன். ஸ்குவாட்டில் நாலாவது செட்டுக்குள் காத்திருப்பு 5 நிமிடம் ஆகிவிடுகிறது. பைசெப்ஸ் கர்லில் அரை நிமிடம் போதும். ஆனால் 12, 8, 5 என்று ரெப் குறைகிறது. எங்கே தவறு?

பதில்: நாடி தணிவது இதயமும் மூச்சும் தேறிவிட்டதைத்தான் சொல்லும். வேலை செய்த தசை தேறியதா என்பது வேறு விஷயம். செட்டில் தசைக்கு உடனடி ஆற்றல் தந்து தீர்ந்துபோகும் கிரியேட்டின் பாஸ்பேட் சுமார் அரை நிமிடத்தில் பாதி ஈடாகிவிடும். ஏறக்குறைய முழுதாக நிரம்ப 3 நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். கர்லில் உழைப்பது சிறிய தசை என்பதால் இதயத்துக்குப் பெரிய சுமை இல்லை, நாடி அதிகம் ஏறுவதில்லை, சீக்கிரம் இறங்கியும் விடுகிறது. கை மட்டும் இன்னும் தேறவில்லை. உங்கள் ரெப் சரிவது அதனால்தான். அங்கே நாடியை விட்டுவிட்டு, கடிகாரம் பார்த்து 90 வினாடி முதல் 2 நிமிடம் ஓய்வெடுங்கள்.

ஸ்குவாட்டில் நாடி உண்மையிலேயே உதவும். ஆனால் 100 என்ற எண்ணுக்குத் தனி மகிமை எதுவும் இல்லை. உங்களுக்கான எண்ணை இப்படிக் கண்டுபிடியுங்கள்: வார்ம்-அப் முடித்து, 2 நிமிடம் நின்றபிறகு நாடியைப் பாருங்கள். அதோடு 20 கூட்டுங்கள். வார்ம்-அப்புக்குப் பின் 90 என்றால் இலக்கு 110. செட் முடிந்ததும் 150, ஒரு நிமிடத்தில் 125, இரண்டாவது நிமிடத்தில் 112, இரண்டரையில் 109 என்று வந்தால் உங்கள் ஓய்வு இரண்டரை நிமிடம். நாடி முந்திவிட்டாலும் 2 நிமிடத்துக்கு முன் தொடங்க வேண்டாம். 5 ரெப்புக்கும் குறைவாக, கனமான எடை தூக்கும் நாளில் 3 நிமிடமாவது விடுங்கள்.

செட்டுக்கு செட் உடல் சூடேறி, வியர்வையில் நீர் குறைவதால் நாடியின் அடிமட்டமே மேலே நகரும். மின்விசிறி இல்லாத ஜிம்மில் இது இன்னும் அதிகம். நாலாவது செட்டில் அதே 110-ஐப் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. நாடி இறங்குவது நின்று ஒரே இடத்தில் தங்கிவிட்டதா, மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் 4 நிமிடத்தில் தொடங்கலாம். ரெப் சரியாமல் நிற்கிறது என்றால் ஓய்வு போதும்.

வாட்ச் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். கம்பியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டு மடங்கும்போது அதன் ஒளி உணரி தடுமாறும், எண்ணும் தாமதமாகத்தான் வரும். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, 15 வினாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். மூச்சடக்கித் தூக்கியிருந்தால் கம்பியை வைத்தவுடன் நாடி ஏறி இறங்கும். முதல் 15 வினாடியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பின்னாளில் பீட்டா பிளாக்கர் மாத்திரை ஏதாவது தொடங்கினால் இந்த எண்கள் செல்லாது, ஏனென்றால் அது நாடியை அதிகம் ஏற விடாது. ஓய்வில் துடிப்பு தாறுமாறாக விட்டுவிட்டு வந்தாலோ, நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ இருந்தாலோ, அன்று எடையைத் தொடாமல் மருத்துவரைப் பாருங்கள்.